அவன் கண்ணால் மட்டும் பார்க்கும் காதல் கதையில் அவள் எப்படி ஆளாவாள்?

காதல் கதை ஒன்றை எழுதி நாலு பேரிடம் படிக்கக் கொடுத்தால் அடிக்கடி வரும் குறை ஒன்று உண்டு. "பெடியன் சரி, பிள்ளைதான் ஒரு ஆளாத் தெரியல்ல." எழுதினவருக்கு இது விளங்குவதில்லை. அவளுடைய கண்ணை எழுதியாச்சு, நடையை எழுதியாச்சு, அவள் உடுத்த சாரியின் கரை நிறம்கூட எழுதியாச்சு, இன்னும் என்னதான் வேணும் என்று கோபம்தான் வரும். ஆனால் குறை சொன்னவர் வர்ணனை போதாது என்று சொல்லவில்லை. அவள் கதையில் என்ன வேலை செய்கிறாள் என்பதைப் பற்றித்தான் சொன்னார்.

கதையை அவன் மட்டுமே சொல்கிறான் என்றால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். அந்த வகைக் கதையையே இங்கே எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவியில் மண்முனைத் துறையில் நடப்பதாக ஒரு கற்பனைக் கதையை வைத்து அதைக் கழற்றிப் பூட்டிப் பார்க்கலாம்.

## பரிசு வேறு, கனவு வேறு

நாயகனோ நாயகியோ யாரைக் காதலிக்கிறார்களோ அவரைக் காதல் பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம். அது கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு வழியில்.

1. பரிசு. அவன் ஏதோ நல்லது செய்கிறான், அடிபடுகிறான், உழைத்து முன்னேறுகிறான், கடைசியில் அவள் கிடைக்கிறாள். அவள் கதையின் முடிவில் கொடுக்கப்படும் ஒரு பொருள். அமெரிக்க காமிக்ஸ் எழுத்தாளர் கெல்லி சூ டிகானிக் இதற்கு ஒரு குறும்பான சோதனை சொன்னார்: பெண் பாத்திரத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு கவர்ச்சியான விளக்கை வைத்துப் பாருங்கள், அப்பவும் கதை ஓடினால் எழுதினதில் கோளாறு இருக்கிறது. நம்ம ஊருக்கு விளக்கை விட ஒரு புது பல்சர் பைக் பொருத்தமாக இருக்கும்.

2. கனவு. இவள் பொருளில்லை, பேசுவாள், சிரிப்பாள், மழையில் நனைவாள். ஆனால் இருப்பதெல்லாம் அவனுக்காக மட்டும். அவனுடைய சோகத்தைப் புரிந்துகொள்வாள், அவனுக்கு வாழ்க்கையைக் காட்டித் தருவாள், தனக்கென்று ஒரு தலையிடிகூட இருக்காது. 2007இல் நேதன் ராபின் என்ற அமெரிக்க விமர்சகர் இந்த வகைப் பாத்திரத்துக்கு ஒரு கேலிப் பெயர் வைத்தார். பெயர் பிரபலமானது. பிறகு கொஞ்சம் துள்ளலான எந்தப் பெண் பாத்திரம் வந்தாலும் அந்த முத்திரையைக் குத்தத் தொடங்கினார்கள், அதைப் பார்த்து 2014இல் அந்தப் பெயரை வைத்ததற்கே அவர் வருத்தம் தெரிவித்தார். ஆகவே பாத்திரம் துள்ளலா அமைதியா என்பதில் ஒன்றுமில்லை, அவன் இல்லாத நேரத்தில் அவளுக்கு வாழ்க்கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இது ஆண்கள் எழுதும் பெண்களுக்கு மட்டுமல்ல. தொடர்கதைகளில் வருகிற, பணக்காரனும் கோபக்காரனுமான, அவளிடம் மட்டும் உருகுகிற ஆறடி நாயகனும் இதே சரக்குத்தான்.

## ஒற்றைப் பார்வையில் ஏன் சிக்கல் கூடுகிறது

கதை யாருடைய மண்டைக்குள் இருந்து சொல்லப்படுகிறது என்பதுதான் பார்வைக்கோணம். 'நான்' என்று அவன் சொன்னாலும், 'பிரதீபன் பார்த்தான்' என்று எழுதினாலும், அவன் மண்டைக்குள் மட்டும் நாம் இருந்தால் அவள் நினைப்பது நமக்கு ஒருபோதும் கேட்காது. அதோடு அவன் காதலில் கிடக்கிறான். காதலில் கிடப்பவன் சொல்லும் சாட்சியை எந்த நீதவானும் அப்படியே எடுக்கமாட்டார், ஆனால் கதை எழுதுகிறவர் எடுத்துவிடுகிறார். அவனுக்கு அவள் சோகமாகத் தெரிந்தால் அவள் சோகமானவள் என்றே எழுதிவிடுகிறார். பிழை தொடங்குவது இங்கேதான்.

பழைய அகப்பாட்டில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. ஒவ்வொரு பாட்டும் ஒருவர் கூற்று என்றாலும் தலைவி தானே பேசுவாள், தோழியும் பேசுவாள். அதுவும் தோழி, இரவில் வந்து போகும் தலைவனிடம் வழி ஆபத்தானது, ஊர் பேசுகிறது, வந்து மணம் செய் என்று நெருக்குவாள். அதற்கு வரைவு கடாதல் என்று தனியாகத் துறையே இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நாட்டார் கவிகளிலும் ஆண் ஒன்று சொன்னால் பெண் குரல் திருப்பிக் கொடுக்கும். ஒருவன் மண்டைக்குள் அடைந்துகொள்ளும் சிறுகதையில்தான் அந்தக் குரல்கள் வெளியே நின்றுவிடுகின்றன. அவற்றைச் செயலாகவும் பேச்சாகவும் உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

## முதல் வரைவு

கதை 2012இல் நடக்கிறது. அப்போது மண்முனையில் பாலம் இல்லை, படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையில் ஆட்களும் மோட்டார்சைக்கிள்களும் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். பிரதீபன் ஆரையம்பதிப் பெடியன், கொக்கட்டிச்சோலைப் பக்கம் புது வீடுகளுக்கு வயரிங் செய்கிறான். தர்சினி முனைக்காட்டுப் பிள்ளை. பின்னேரத்தில் இரண்டு பேரும் ஒரே பாதையில் எழுவான்கரைக்கு வருகிறார்கள்.

> பாதை அசைந்து நகர்ந்தது. அவள் ஓரத்தில் நின்றாள். வாவிக் காற்று அவள் கூந்தலை அள்ளி எறிந்தது. அந்த விழிகளில் ஏதோ ஒரு சோகம். அவளுக்கென்று யாருமே இல்லை என்று பிரதீபனுக்குத் தோன்றியது. அவன் பார்ப்பதைக் கண்டதும் தலை குனிந்து சிரித்தாள்.

அப்புறம் துறையில் ஒரு குடிகாரன் அவளிடம் சேட்டை விடுகிறான், பிரதீபன் அடிக்கிறான், அவள் அழுகிறாள், காதல் வருகிறது, கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தில் முடிகிறது. பரிசும் இருக்கிறது, கனவும் இருக்கிறது. குடிகாரன் அந்தப் பல்சரைத் திருடப் போனான், பிரதீபன் தடுத்தான், முதலாளி அதை அவனுக்கே கொடுத்தார் என்று மாற்றினாலும் கதை அப்படியே ஓடும்.

அவள் ஏன் பின்னேரத்தில் அந்தப் பாதையில் வருகிறாள்? வரைவில் பதிலே இல்லை. அவன் பார்ப்பதற்காக வருகிறாள், அவ்வளவுதான்.

## அவளுடைய கிழமை

திருத்தத்தை வசனத்தில் தொடங்கக் கூடாது. முதலில் ஒரு தாளை எடுத்து, அவன் என்று ஒருத்தன் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, திங்கள் முதல் ஞாயிறு வரை அவள் என்ன செய்கிறாள் என்று எழுத வேண்டும். குணங்களை எழுதக் கூடாது, 'தைரியமானவள்' என்பதை வைத்து ஒரு காட்சியும் எழுத முடியாது. எங்கே போகிறாள், யாரோடு, காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றுதான் எழுத வேண்டும்.

தர்சினிக்கு எழுதிப் பார்ப்போம். அவள் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் லோன் ஒபிசர். யுத்தம் முடிந்த பிறகு படுவான்கரைக் கிராமங்களுக்கு இந்தக் கடன் நிறைய வந்தது. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர்களைப் பிணையாக வைத்து, கிழமைக்கு ஒரு தரம் கூட்டம் வைத்துத் தவணை வாங்குவது அதன் முறை. ஒருத்தி கட்டாவிட்டால் சுமை மற்றவர்கள் தலையில் விழும். திங்கள் முதல் வியாழன் வரை காலையில் கூட்டங்கள், பின்னேரம் வசூலித்த காசோடு பாதை ஏறிப் போய் நகரத்து அலுவலகத்தில் கட்டவேண்டும், கணக்குச் சரிவர வேண்டும், குறைந்தால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். வெள்ளி முழுக்க அலுவலகம். சனி, ஞாயிறு வீட்டில் கல் வேலை.

கல் வேலை எதற்கு? இங்கேதான் இந்த மண் கதைக்குள் வருகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தமிழரிடமும் சரி முஸ்லிம்களிடமும் சரி, வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகும், கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டில் வந்து குடியேறுவார். சினிமாவிலிருந்து நாம் எடுத்த அச்சு வேறு: அவன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவான், அவள் புது இடத்தில் மிரள்வாள். இங்கே மிரளவேண்டியது அவன். அவளுடைய தாய் சமைத்த அடுப்படியில், அவளுடைய ஆட்களுக்கு நடுவில், வந்தவனாக இருக்கப்போவது அவன்தான். ஆகவே அவள் 'சரி' என்று சொல்வது மனசு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, தாய் வீட்டுக்குள் யார் வந்து இருப்பது என்பதையும் சேர்த்துத்தான் அவள் முடிவு செய்கிறாள்.

தர்சினிக்கு ஒரு தங்கச்சி. வீடு ஒன்று. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச்சு வந்துவிட்டது, அதனால் வளவின் பின்பக்கம் இரண்டாவது வீட்டுக்கு அத்திவாரம் போட்டாகிவிட்டது. தர்சினியின் சம்பளம் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. இந்த வருசத்துக்குள் சுவரை லிண்டல் மட்டத்துக்கு உயர்த்திவிட வேண்டும், இதுதான் அவளுக்கு வேண்டியது. இதில் காதலுக்கு இடமில்லை என்றில்லை, ஆனால் காதல் வந்தால் அது இந்த வரிசையில் எங்கே நிற்பது என்று அவள் யோசிப்பாள்.

பிரதீபனும் தன் வயரிங் காசைத் தங்கச்சி வீட்டுக்குத்தான் போடுகிறான். இரண்டு பேரும் தங்கச்சிமாரின் வீட்டுக்காக உழைத்துக் களைத்தவர்கள். இப்படி ஒரு சிக்கல் கையில் இருக்கும்போது குடிகாரன் எதற்கு?

## திருத்திய காட்சி

> அவள் பாதையின் நடுவில், மோட்டார்சைக்கிள்களுக்கு இடையில் நின்றாள். ஓரத்தில் இடம் இருந்தது. தண்ணிக்குப் பயம் போல என்று பிரதீபன் நினைத்துக்கொண்டான். தோள்பையை முன்னுக்குப் போட்டு ஒரு கையால் அணைத்திருந்தாள். மற்றக் கையில் ரசீதுக் கட்டு. உதடு அசைந்துகொண்டிருந்தது. அவன் கிட்டப்போய்ச் செருமினான். தலை நிமிராமல் ஒரு விரலை மட்டும் தூக்கினாள். எண்ணி முடிய, "சொல்லுங்க அண்ணா" என்றாள்.
>
> "எங்கட பாக்கியம் மாமி உங்கட சென்டர்தானே."
>
> "ரெண்டு கிழமை கட்டல்ல."
>
> "அதான். இந்தக் கிழமையும் ஒருக்காப் பார்த்துச் செய்தா... நானும் உங்கட ஸ்கூட்டி லைட்டச் செஞ்சு தந்தன்தானே."
>
> "லைட்டுக்கு எவ்வளவு?"
>
> "சே, காசெல்லாம் வேணாம்."
>
> "இல்ல, சொல்லுங்க. உங்கட மாமி கட்டாட்டி மத்த நாலு பேரும்தான் போட்டுக் கட்டணும். அதுல ஒராள் விடியச் சாமம் எழும்பி அப்பம் சுட்டு விக்கிற மனிசி. அவக்கிட்டப் போய் நான் என்ன சொல்லிக் கேக்கிற?"
>
> அவன் ஒன்றும் சொல்லவில்லை. பாதை துறையில் முட்டியபோது அவள் இருநூறு ரூபாயை அவன் கையில் வைத்துவிட்டு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

நாம் இன்னும் அவன் மண்டைக்குள்தான் இருக்கிறோம், அவள் நினைப்பு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஆனாலும் அவள் ஆளாகத் தெரிகிறாள் என்றால் அதற்குக் காரணம் இவை:

1. அவன் பிழையாக விளங்கிக்கொள்கிறான். அவள் நடுவில் நிற்பது தண்ணீர்ப் பயத்தால் இல்லை, பையில் ஒரு நாள் வசூல் இருக்கிறது. அவன் அதைக் கவனிக்கவில்லை, வாசகர் இரண்டு வரி கழித்துக் கவனிப்பார். கதை சொல்கிறவனுக்கும் வாசகருக்கும் இடையில் விழும் இந்த இடைவெளிக்குள்தான் அவள் நிற்கிறாள். ஒற்றைப் பார்வைக் கதையில் இதைவிடப் பலமான கருவி வேறு இல்லை என்று நினைக்கிறேன். அவன் அவளைப் பற்றி நினைப்பதெல்லாம் சரியாக இருந்தால் அவள் அவனுடைய மண்டைக்குள் அடங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

2. அவன் வந்ததால் அவள் வேலை நிற்கவில்லை. அந்த ஒற்றை விரல். முதல் வரைவில் அவன் பார்த்ததும் உலகம் நின்றது. இதில் அவன் காத்திருக்கிறான்.

3. காட்சியில் இல்லாத ஒருவர் உள்ளே வருகிறார். அப்பம் சுடும் மனிசியைப் பிரதீபனுக்குத் தெரியாது. தர்சினிக்குத் தெரியும், அவவுக்காக இவனோடு முரண்படவும் தயார். கனவுப் பாத்திரத்துக்கு நாயகனைத் தவிர வேறு யாரிடமும் கடப்பாடு இருக்காது.

4. கணக்கை அவள் தீர்த்துவிடுகிறாள். லைட் செய்து கொடுத்ததை அவன் ஒரு முதலீடாக நினைத்திருந்தான், அவனுக்கே அது தெரியாது. அவள் கூலி கொடுத்ததும் 'உதவி செய்தேன், ஆகவே கிடைக்கவேண்டும்' என்ற கணக்கு உடைந்துபோகிறது. பரிசுக் கதை முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

இதில் அவள் முழுக்க நியாயமானவள் என்றும் இல்லை. அதே பெண்களிடம் கிழமைக்குக் கிழமை காசு கறக்கும் நிறுவனத்தின் சம்பளத்தில்தான் அவள் வீடு எழும்புகிறது. பாக்கியம் மாமி வாய் விட்டுத் திட்டினால் அதிலும் நியாயம் இருக்கும். இந்தக் கறையைத் துடைக்கக் கூடாது. அதைக் கண்ட பிறகும் பிரதீபனுக்கு அவளைப் பிடிக்கிறது என்றால் அவன் இப்போதுதான் ஒரு ஆளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான்.

## கதையோட்டம் எப்படி மாறுகிறது

அவளுக்கு ஒரு வேலையும் ஒரு தேவையும் கொடுத்தவுடன் பழைய முடிவு நிற்காது. பலர் இந்த இடத்தில் பயந்து, பாத்திரத்தைத் திருத்திவிட்டு முடிவை மட்டும் அப்படியே வைத்திருப்பார்கள். அப்போது, தான் யாரென்றே மறந்தவள் போல கடைசிப் பக்கத்தில் அவள் அவன் தோளில் சாய்வாள்.

இந்தக் கதைக்கு வெளியிலிருந்தே ஒரு திருப்பம் இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது, பாதையின் தேவை முடிந்தது. ஊருக்கு நல்லதுதான். ஆனால் இவர்கள் சந்தித்த ஒரே இடம் பாதை. வாவியைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தேடி எடுத்ததில்லை, தற்செயலாகக் கிடைத்தது. பாலம் வந்த பிறகு ஸ்கூட்டியில் விர்ரென்று போய்விடுவாள். இனிச் சந்திக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும்.

அந்த முடிவைப் பாதியாவது அவளிடம் கொடுக்க வேண்டும். அவன் பாலத்தடியில் காத்து நிற்கலாம், ஆனால் ஸ்கூட்டியை நிறுத்துவதும் நிறுத்தாமல் போவதும் அவள் பாடு, அவள் எதைச் செய்தாலும் அதற்குக் காரணம் அவளுடைய கிழமைக்குள் இருந்து வரவேண்டும். தங்கச்சியின் கலியாணம் முடிந்துவிட்டதா, சுவர் எந்த மட்டத்தில் நிற்கிறது, மாமியின் கடன் என்ன ஆனது. நிறுத்தினால் அவள் முதலில் கேட்பது "உங்கட தங்கச்சிர வீடு முடிஞ்சா?" என்பதாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அவளைப் பொறுத்தவரை அதுதான் காதல் பேச்சு.

## திருத்தம் எங்கே சறுக்கும்

அளவுக்கு மீறித் திருத்துவது ஒரு சறுக்கல். 'பொம்மையாக இருக்கக் கூடாது' என்றதும் சிலர் அவளுக்குக் கராத்தே, முதல் வகுப்புப் பட்டம், ஆங்கிலப் பேச்சு எல்லாம் கொடுத்து, அவனை நாலு வார்த்தையில் மடக்க வைப்பார்கள். இது இன்னொரு கனவு, உடுப்பு மட்டும்தான் வேறு. திறமைப் பட்டியல் ஒருவரை ஆளாக்காது. அவளுக்கு ஒன்று வேண்டும், அதில் தோற்கவும் கூடும் என்றால் ஆளாவாள்.

எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். மூன்று பக்கச் சிறுகதையில், தூரத்தில் ஒருத்தியைப் பார்த்துக் கனவு காணும் பதினெட்டு வயதுப் பெடியன்தான் விசயம் என்றால், அவள் கனவாகவே இருக்கலாம். ஆனால் அது கனவு என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கேயாவது ஒரு வரியில் அது விரிசல் விடவும் வேண்டும், தூரத்து மங்கை பஸ் கொண்டக்டரோடு மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கும் ஒரு கணம் போல.

கடைசியாக, கிழக்கில் எழுதுபவர்களுக்கு வருகிற ஒரு சோதனை. அவளுக்கு ஆழம் வேண்டும் என்றால் உடனே கையில் கிடைப்பது யுத்தமும் 2004 சுனாமியும். தகப்பனைக் கடல் கொண்டுபோனது, அண்ணன் காணாமல் போனான் என்று ஒரு பந்தி, அவள் அழ, அவன் ஆறுதல் சொல்ல, இரண்டு பேரும் நெருங்க. இழப்பு இங்கே அவனுடைய ஆறுதலுக்கு ஒரு சந்தர்ப்பமாகத்தான் பயன்படுகிறது. அந்த இழப்பு உண்மையில் கதையில் இருக்கவேண்டும் என்றால் அதைக் கிழமை அட்டவணைக்குள் போடுங்கள். காணாமல் போன அண்ணனுக்காகத் தாய் கையெழுத்து வைக்கப் போகும் நாளில் தர்சினி லீவு போட்டுக் கூடப் போகிறாள், அன்றைக்குப் பாதையில் அவள் இல்லை, ஏன் இல்லை என்று பிரதீபனுக்குத் தெரியாது. அடுத்த நாள் கேட்கிறான். "அம்மாவோட ஒரு வேலையாப் போன" என்கிறாள். அவன் மேலே கேட்கும் அளவுக்கு இன்னும் ஆளில்லை, அவளும் சொல்லும் அளவுக்கு இல்லை. அண்ணனைப் பற்றி வாசகருக்குத் தெரிவதென்றால் பிறகொரு நாள் பாக்கியம் மாமி வாயால் தெரியட்டும், அதுவும் திட்டிக்கொண்டிருக்கும்போது.